இரண்டாகப் பிரித்தால் மட்டும் ரிஸ்க் பாதியாகாது

ஞாயிற்றுக்கிழமை நாகர்கோவில் முதலீட்டுக் கூட்டத்தில் நடந்தது உங்களில் பலருக்குத் தெரியும். "பணத்தை இரண்டு ஃபண்டில் பாதிப் பாதியாகப் போடுங்கள், ரிஸ்க் பாதியாகிவிடும்" என்றார் பேச வந்தவர். "இரண்டும் ஒன்றாகவே ஏறி இறங்கினால்?" என்று கேட்டேன். "அக்கா கணக்கு டீச்சர் போலிருக்கு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். இன்னும் மனசு ஆறவில்லை.

சரி, கணக்கையே பார்ப்போம். ஒரு முதலீட்டில் எதிர்பார்க்கும் வருமானம் 12 சதவீதம், ஏற்ற இறக்கத்தைச் சொல்லும் திட்ட விலக்கம் 20. இன்னொன்றில் 8, 10. பாதிப் பாதி போட்டால் வருமானம் 10. இரண்டும் எப்படி நடந்துகொண்டாலும் இந்த 10 மாறாது. ஏற்ற இறக்கம் மாறும்.

அதற்கு வர்க்கத்தில் கணக்கிட வேண்டும். 20-இல் பாதி 10, அதன் வர்க்கம் 100, இது முதலாவதின் பங்கு. 10-இல் பாதி 5, அதன் வர்க்கம் 25, இது இரண்டாவதின் பங்கு. இரண்டும் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதை 1 முதல் மைனஸ் 1 வரை சொல்லும் எண் ஒட்டுறவுக் கெழு. அதை 2 × 10 × 5, அதாவது 100-ஆல் பெருக்கி இவற்றோடு சேர்க்க வேண்டும். கெழு 1 என்றால் மொத்தம் 225, வர்க்கமூலம் 15. அது 20-க்கும் 10-க்கும் வெறும் சராசரி. பிரித்ததால் ஒரு லாபமும் இல்லை. கெழு 0 என்றால் 11.2. மைனஸ் 1 என்றால் 5. பிரித்தது எல்லாவற்றிலும் ஒரே மாதிரிதான், மாறியது ஒட்டுறவு மட்டும். அவர் காட்டிய இரண்டுமே பெரிய நிறுவனப் பங்கு ஃபண்டுகள். கெழு 0.9 என்று வைத்தால்கூட 14.7 வருகிறது. இதில் எங்கே பாதி?

எங்கள் அப்பாவும் இரண்டாகத்தான் பிரித்தார். குலசேகரத்தில் ரப்பர் தோட்டம், மிச்சப் பணம் ரப்பர் ஷீட் வாங்கி விற்கும் கடையில் பங்கு. "ஒன்று போனாலும் ஒன்று நிக்கும் மக்களே" என்பார். 2011-இல் கிலோ 200 ரூபாயைத் தாண்டிய ஷீட், 2016 தொடக்கத்தில் 100-க்குக் கீழே வந்தது. பால் வெட்டுக் கூலிக்கே தோட்டத்து வருமானம் போதவில்லை. கடையில் இருப்பு வைத்த ஷீட்டும் அதே விலைக்குத்தான் போனது. பெயர் இரண்டு, விலை ஒன்று.

"மைனஸ் ஒட்டுறவு எங்கே கிடைக்கும்?" என்று கேட்பீர்கள். மைனஸ் வேண்டாமே, 1-க்குக் கீழே இருந்தாலே கொஞ்சம் குறையும். "ஒட்டுறவு நிலையாக இருக்காதே?" உண்மைதான். 2020 மார்ச்சில் வேறு வேறு துறைப் பங்குகளும் சேர்ந்தே விழுந்தன. அதனால்தான் பார்க்கச் சொல்கிறேன். எக்செலில் மூன்று வருட மாத வருமானத்தை B, C பத்திகளில் இரண்டாவது வரியிலிருந்து போட்டு =CORREL(B2:B37,C2:C37) என்று அடியுங்கள். அப்புறம் சந்தை விழுந்த மாதங்களை மட்டும் தனியாகப் பாருங்கள். "சாதாரண ஆளுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குப் பொறுமையில்லை. நட்டப்படுவது சாதாரண ஆள்தான்.

அன்று அந்த அரங்கில் முன்வரிசையில் ஓய்வூதியப் பணத்தோடு வந்த பெரியவர்கள் இருந்தார்கள். அவர்களும் சிரித்தார்கள். அப்பா இருந்திருந்தால் அவரும் அந்த வரிசையில்தான் உட்கார்ந்திருப்பார்.