பெயர் வரிசையை மாற்றுங்கள், ஆனால் மூன்று வரியில் மாற்றாதீர்கள்

அந்த ஸ்கிரீன்ஷாட்டை இந்நேரம் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். பினாங்கில் ஓர் ஆய்வுக் குழுவின் வாட்ஸ்அப்பில் இரவு பதினொன்றரைக்கு மேற்பார்வையாளர் போட்ட செய்தி. “கட்டுரையை மாற்றி அமைத்தாகிவிட்டது. புது வரிசை கீழே. ஆட்சேபம் இல்லையென்றால் நாளைக் காலை அனுப்பிவிடுகிறேன்.” கீழே நான்கு ஆதர்களின் பெயர். முதலில் இருந்த மாணவி மூன்றாவதாக நிற்கிறார். காரணம் ஒரு வார்த்தைகூட இல்லை.

வரிசை மாறியதே தப்பு என்று நான் சொல்லவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தச் செய்தியை நான் குறை சொன்னதற்கு நேற்றிலிருந்து வரும் பதில்கள் எல்லாம் இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்குகின்றன. ஆற்று முகத்துவாரச் சேற்றில் கன உலோகம் எவ்வளவு என்று அளந்த கட்டுரை அது. சேற்றை எடுத்ததும் ஆய்வகத்தில் அளந்ததும் மாணவி. அந்த அளவீடுகளை வைத்து இன்னொருவர் கட்டிய மாடல் அதில் ஒரு சிறு பகுதியாகத்தான் இருந்தது. அளவீடுகளில் புதுமை குறைவு, மாடல்தான் புதுசு, அதை மையமாக வைத்து எழுதுங்கள் என்று ரிவியூவர் சொன்னார். கள அளவீடு ஒரே அட்டவணையாகச் சுருங்கியது, மீதி பின்னிணைப்புக்குப் போனது. மாடல் செய்தவர் முறையியலையும் முடிவுகளையும் புதிதாக எழுதினார். அவர் முதலில் வருவதற்கு நியாயம் இருக்கிறது. அந்த நியாயத்தை எழுதிக் காட்டுவதில் என்ன கஷ்டம்? அதுதான் என் கேள்வி.

மாடல்காரர் முதலில் என்றால் மாணவி இரண்டாவது ஆகலாம். மூன்றாவது ஏன்? நடுவில் வந்தவர் புது வடிவத்தில் என்ன செய்தார்? செய்தியில் இல்லை. இந்த இடத்தில்தான் மனசு உடைகிறது. ஒருபடி இறங்கியது கட்டுரை மாறியதால் என்று புரியும். இன்னொரு படி இறங்கியதற்கு அவரே ஒரு காரணத்தைக் கற்பனை செய்துகொள்ள வேண்டியிருக்கிறது.

எழுதியிருக்க வேண்டியது இவ்வளவுதான். பெயர்களை அ (மாணவி), இ (மாடல் செய்தவர்), உ, எ (மேற்பார்வையாளர்) என்று வைத்துக்கொள்வோம். மலாயிலோ ஆங்கிலத்திலோ எழுதுங்கள், விஷயம் இது:

“ரிவியூவர் கருத்துக்குப் பிறகு கட்டுரையின் மையம் மாடலுக்கு மாறியிருக்கிறது. பழைய படம் 2 முதல் 5 வரை பின்னிணைப்பில். பழைய வரிசை: அ, இ, உ, எ. நான் முன்வைப்பது: இ, அ, உ, எ. மாடலைக் கட்டி, முறையியலையும் முடிவுகளையும் புதிதாக எழுதியதால் இ முதலில். மாடல் முழுக்க அ எடுத்த தரவின் மேல் நிற்பதால் அவர் இரண்டாவது. உ, எ இடம் மாறவில்லை, தொடர்பு ஆதர் நானே. யார் பெயரும் நீங்கவில்லை. முழுக் கள அளவீடும் தனிக் கட்டுரையாகும், அதில் அ முதல் ஆதர். வரும் வெள்ளிக்குள் ஒவ்வொருவரும் ஈமெயிலில் பதில் சொல்லுங்கள். மாற்றுக் கருத்து இருந்தால் எனக்குத் தனியாக எழுதலாம். நால்வரும் பதில் தந்த பிறகே கட்டுரை போகும்.”

இதைக் கைப்பேசியிலேயே படித்து முடிக்கலாம். “நீளமாக எழுதினால் யார் படிப்பார்கள்” என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

இந்தச் செய்தியில் பழைய வரிசையும் புது வரிசையும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. புதுசை மட்டும் போட்டால், யார் எங்கே இருந்தார் என்று ஞாபகத்திலிருந்து தேடிப் பார்ப்பவர் நஷ்டப்பட்டவர் மட்டும்தான். இடம் மாறியவருக்கு ஒரு வரி காரணம் இருக்கிறது, அதுவும் ஆளைப் பற்றியில்லை, வேலையைப் பற்றி. எழுதுபவர் தன் இடத்தையும் சொல்கிறார். தன் பெயரை மட்டும் பேச்சிலிருந்து வெளியே வைத்துவிட்டு மற்றவர்களை நகர்த்துவது நன்றாக இல்லை.

ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியம் அந்தத் தனிக் கட்டுரை வாக்கியம். மறுசீரமைப்பில் ஒருவர் பெயர் கீழே போவதைவிடப் பெரிய இழப்பு, அவருடைய வேலை பின்னிணைப்புக்குள் போய்விடுவது. பின்னிணைப்பைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. “உன் தரவை வைத்து அப்புறம் ஒன்று எழுதலாம்” என்று வாயால் சொன்ன வாக்கு என்ன ஆகிறது என்று இத்துறையில் இருக்கும் எல்லாருக்கும் தெரியும். மாணவர் படிப்பை முடித்துப் போவார், மேற்பார்வையாளர் அடுத்த நிதிக்கு விண்ணப்பிப்பார், அந்தக் கட்டுரை வராது. எழுத்தில் இருந்தால் கேட்கவாவது ஒரு பிடி இருக்கும்.

“மாணவியே தம்ப்ஸ்-அப் போட்டிருக்கிறாரே!” போட்டிருக்கிறார். தன் ஆய்வேட்டுக்குக் கையெழுத்துப் போட வேண்டியவர் நடுராத்திரி நாலு பேர் முன்னால் கேட்டால் வேறென்ன போடுவார்? சம்மதம் கேட்கிறீர்கள் என்றால் மறுக்கவும் நேரம் கொடுக்க வேண்டும். குரூப்பில் போடுவதற்கு முன்னால் அவரை ஒரு தடவை கூப்பிட்டுப் பேசியிருக்க வேண்டும். கீழே இறங்குகிறவர் தன் இறக்கத்தை மற்றவர்களோடு சேர்ந்து அதே நிமிஷத்தில் தெரிந்துகொள்ளக் கூடாது.

“கூட்டு முதல் ஆதர் என்று நட்சத்திரக் குறி போட்டால் தீர்ந்தது” என்கிறார்கள் சிலர். சமமாக உழைத்திருந்தால் தாராளமாகப் போடுங்கள். ஆனால் மற்றவர்கள் மேற்கோள் காட்டும்போது “இ மற்றும் பலர்” என்றுதான் வரும், நட்சத்திரம் கூடப் போகாது. யார் என்ன செய்தார் என்று குறிக்க ஜர்னல்கள் பல பயன்படுத்தும் கிரெடிட் பட்டியலில் 14 வகைப் பங்களிப்பு இருக்கிறது. ஆய்வு நடத்துதல், தரவுப் பராமரிப்பு என்று மாணவியின் பெயருக்கு நேரே போடலாம், போடவும் வேண்டும். அது யார் என்ன செய்தார் என்று சொல்லும், யார் முதலில் என்று சொல்லாது. கணிதத்தில் ஆதர் பெயர்கள் அகர வரிசையில்தானே என்றும் ஒருவர் கேட்டார். இது கணிதக் கட்டுரை இல்லை.

“அப்புறம் திருத்திக்கொள்ளலாம்” என்பது இருப்பதிலேயே ஆபத்தான யோசனை. கட்டுரை ஜர்னலுக்குப் போன பிறகு வரிசையை மாற்றினால் பெரும்பாலான ஜர்னல்கள் காரணத்தையும் எல்லா ஆதர்களின் எழுத்துபூர்வச் சம்மதத்தையும் கேட்கும். இந்தக் கட்டுரை ஏற்கெனவே ஒருமுறை பழைய வரிசையில் போய் வந்தது, அதனால் இப்போதே கேட்கலாம். ஏற்றுக்கொள்ளப்பட்ட பிறகு மாற்றவே விடாத ஜர்னல்களும் உண்டு. ஒருவர் மறுத்தால் ஜர்னல் எடிட்டர் நடுவராக உட்கார மாட்டார், உங்கள் பல்கலைக்கழகமே தீர்த்துக்கொள்ளட்டும் என்று நிறுத்தி வைப்பார். ஆக, நாலு ஈமெயில் பதில் என்பது மாணவிக்கு மட்டும் பாதுகாப்பு இல்லை, அனுப்பியவருக்கும்தான்.

எனக்கு உண்மையில் வலிப்பது வேறு. நம் ஊரில் பல இடங்களில் முதல் ஆதர், தொடர்பு ஆதர் என்றால்தான் வேலையை மதிப்பிடும் கேபிஐயில் எண்ணுவார்கள். மூத்தவர்களுக்கு இன்னொரு கட்டுரை வரும். மாணவிக்கு இருப்பதே இது ஒன்று. நீர் இறங்கும் நேரம் பார்த்துச் சேற்றில் இறங்கி, மாதிரியைப் பனிப்பெட்டியில் வைத்து, அமிலத்தில் கரைத்து அளந்து கொண்டுவந்த எண்கள் இல்லாமல் அந்த மாடலுக்கு எதை ஊட்டுவார்கள்? களத்தில் நின்றவர்களை “தரவு கொடுத்தவர்” என்று சொல்லும் பழக்கம் கூடிக்கொண்டே போகிறது. எனக்கு அது பிடிக்கவே இல்லை.

கட்டுரை இன்னும் போகவில்லை என்று கேள்விப்பட்டேன். அப்படியென்றால் நேரம் இருக்கிறது. அந்த மேற்பார்வையாளர் இதைப் படிக்கிறார் என்றும் தெரியும். முதலில் மாணவிக்குப் போன் செய்யுங்கள், ஐயா. மூன்றாவது ஏன் என்று அவரிடம் சொல்லுங்கள், சொல்ல முடியாவிட்டால் இரண்டாவது ஆக்குங்கள். பிறகு குரூப்பில் புதுச் செய்தி போட்டு, நாலு பேரின் பதிலும் வந்த பின் அனுப்புங்கள்.