கோடுகள் சமம் என்று சொல்வதும் கோடுகளைப் பார்ப்பதும்

"மனிதர்களைப் போலவே ஏஐயும் காட்சி மாயைகளில் ஏமாறுகிறது" என்று அடிக்கடி பகிரப்படுகிறது. இதை என்னால் ஏற்க முடியவில்லை. ஏமாறுவதில் இரண்டு வகை இருக்கிறது, இரண்டையும் இங்கே ஒன்றாகக் குழப்புகிறார்கள்.

எல்லோரும் ஒருமுறையாவது பார்த்திருக்கும் படத்தையே எடுத்துக்கொள்வோம். 1889இல் ஜெர்மானியரான முல்லர்-லயர் வெளியிட்டது. ஒரே நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் இரு முனைகளிலும் அம்புத் தலை போல உள்நோக்கி மடங்கிய சிறு கோடுகள், மற்றதில் அவை வெளிநோக்கி விரிந்திருக்கும். விரிந்தது நமக்கு நீளமாகத் தெரியும். அளவுகோல் வைத்துப் பார்த்து, சமம்தான் என்று உறுதி செய்த பிறகும் அப்படியேதான் தெரியும். தெரிந்துகொண்ட உண்மை கண்ணுக்குள் போய்ச் சேருவதில்லை.

இந்தப் படத்தைப் படமும் உரையும் சேர்ந்து கையாளும் ஒரு மாடலிடம் கொடுத்தால், "வேறுபட்டதாகத் தோன்றினாலும் இரண்டும் ஒரே நீளம்" என்று அழகாகப் பதில் வரும். சரியான பதில்தான். ஆனால் அது பார்த்துச் சொன்னதா?

ஹார்வர்டைச் சேர்ந்த டோமர் உல்மன் 2024இல் இதைச் சோதித்த விதம் எனக்கு மிகவும் பிடித்தது. புகழ்பெற்ற மாயைப் படங்களை எடுத்து, அவற்றில் மாயையே இல்லாதபடி மாற்றினார். அதே அமைப்புதான், ஆனால் வித்தியாசம் உண்மையாகவே இருக்கும். நம் படத்தில் அதைச் செய்வதானால், அம்புத் தலை உள்ள கோட்டை 300 பிக்சலிலேயே வைத்துக்கொண்டு, விரிந்த முனையுள்ள கோட்டை 400 பிக்சலுக்கு நீட்டலாம். இப்போது அது நீளமாகத் தெரிவது மட்டுமில்லை, நிஜமாகவே நீளம். சின்னக் குழந்தைகூடச் சொல்லிவிடும். உல்மன் சோதித்த மாடல்களோ இப்படி மாற்றப்பட்ட படங்கள் பலவற்றுக்கும் மாயை என்றே பதில் சொல்லின. இல்லாத மாயையைக் கண்டன.

காரணம் புதிரானது இல்லை. இணையத்தில் இந்த உருவம் எங்கே வந்தாலும் பக்கத்திலேயே "இரண்டும் சமம்" என்ற விளக்கமும் இருக்கும். படத்தையும் அதனோடு வரும் எழுத்தையும் சேர்த்துப் பயின்ற மாடலுக்கு, அந்த உருவம் கண்ணில் பட்டதுமே பதில் தயார். நீளத்தை ஒப்பிட வேண்டிய அவசியமே வருவதில்லை. நமக்கு, தெரிந்த பாடம் பார்வையை மாற்ற முடியவில்லை. அங்கே, மனப்பாடமான பாடம் பார்வையை மறைத்துவிடுகிறது.

"ஒருவேளை அதற்கு நீளமே சரியாகத் தெரியாதோ?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அதற்குத்தான் இன்னொரு படம் வேண்டும்: முனைகளை அழித்துவிட்டு 300, 400 பிக்சல் வெறும் கோடுகளை மட்டும் காட்ட வேண்டும். அதைச் சரியாகச் சொல்லிவிட்டு முனைகள் சேர்ந்ததும் தவறினால், குறை நீளத்தை அறிவதில் இல்லை, அந்த உருவத்தை அடையாளம் கண்ட உடனே ஒப்பிக்கத் தொடங்குவதில் இருக்கிறது. வெறும் கோட்டிலேயே தடுமாறினால் சிக்கல் வேறு. அப்போது மாயையைப் பற்றிப் பேசுவதிலேயே அர்த்தமில்லை.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமா? விரிந்த முனைக் கோட்டை 200இலிருந்து 400 வரை கொஞ்சம் கொஞ்சமாக நீட்டி ஒவ்வொன்றுக்கும் பதில் வாங்குங்கள். மனிதர்களுக்கு 300க்கு முன்பே ஏதோ ஓர் இடத்தில் இரண்டும் சமமாகத் தோன்றும். அதற்குக் கீழே குட்டை, மேலே நெட்டை. அந்த இடம் 300இலிருந்து எவ்வளவு தள்ளியிருக்கிறதோ, அதுதான் மாயையின் அளவு. ஒப்பிக்கும் மாடலுக்கு அப்படி ஓர் இடமே இருக்காது. 200க்கும் சமம், 400க்கும் சமம்.

இதனால் இயந்திரத்துக்கு மாயையே வராது என்று நான் சொல்லவில்லை. மூளையின் பார்வைப் பகுதியை ஒட்டி உருவாக்கிய ஒரு கணினி மாதிரியும் இதே முல்லர்-லயர் படத்தில் நம்மைப் போலவே ஏமாறியதாக 2013இல் ஓர் ஆய்வு வந்தது. இந்த மாயையைப் பற்றி அதற்கு யாரும் பாடம் சொல்லித் தரவில்லை. வடிவங்களைப் படிப்படியாகச் சுருக்கி அறியும் முறையிலிருந்தே பிழை பிறந்தது. நம்முடைய ஏமாற்றத்துக்குச் சொந்தம் என்று எதையாவது சொல்ல வேண்டுமானால், அதைத்தான் சொல்வேன்.

இதில் ஒரு சிக்கலும் உண்டு. மாற்றிய படங்களும் இணையத்துக்கு வந்துவிட்டால், அடுத்த மாடல் அவற்றையும் படித்துவிடும். ஆகவே ஒவ்வொரு முறையும் புது நீளம், புதுக் கோணம், புது நிறத்தில் வரைந்து கேட்க வேண்டும். "இந்த மாடல் மாயையைக் கண்டுபிடித்துவிட்டது" என்று யாராவது ஒரு படத்தோடு பதிவிட்டால், அந்தக் கோடுகளின் நீளம் எவ்வளவு, அதையே மாற்றி வரைந்தபோது என்ன சொன்னது என்று தயவுசெய்து கேளுங்கள்.