எழுபது சதவீதம் சரி, எதில் எழுபது?

படுக்கைக்கு அருகில் போன் வைத்துக்கொண்டு தூங்குகிறவர்களுக்குத் தூக்கக் கோளாறு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று ஒரு கட்டுரை சில நாட்களாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என் பக்கத்திலேயே நாலு பேர் பகிர்ந்திருந்தார்கள். கருத்துப் பெட்டியில் ஒரு பாதி, "இன்றிலிருந்து போனை வெளியே வைக்கப்போகிறேன்" என்றது. மறு பாதி, "எல்லாம் கட்டுக்கதை" என்றது. கட்டுரையின் அடியில் ஓர் அட்டவணை இருந்தது. அதைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை.

எனக்கு ஒரு வழக்கம். கட்டுரையில் அட்டவணை இருந்தால் முதலில் அதற்குப் போய்விடுவேன், கட்டுரையை அப்புறம்தான் படிப்பேன். வீட்டில் இதற்காகக் கேலி செய்வார்கள், அது வேறு கதை. இந்தக் கட்டுரையில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். கணக்குக்கு வசதியாக எண்களை நானே மாற்றியிருக்கிறேன். அதனால் இதைத் தூக்கத்தைப் பற்றிய தகவலாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். பிழை என்ன மாதிரி என்பது மட்டும் அப்படியே இருக்கிறது.

அட்டவணை இதுதான்:

போன் அருகில் வைப்பவர்கள் 384 பேர், அதில் தூக்கம் சரியில்லை என்றவர்கள் 156.
வேறு அறையில் வைப்பவர்கள் 216 பேர், அதில் தூக்கம் சரியில்லை என்றவர்கள் 54.
போன் கேள்விக்குப் பதில் சொல்லாதவர்கள் 40 பேர், அதில் தூக்கம் சரியில்லை என்றவர்கள் 12.
மொத்தம் 640 பேர், தூக்கம் சரியில்லை என்றவர்கள் 222.

முதலில் அட்டவணை தன்னளவில் ஒத்துப்போகிறதா என்று கூட்டிப் பார்த்தேன். 384, 216, 40 கூட்டினால் 640. 156, 54, 12 கூட்டினால் 222. சரி. இதிலேயே இடித்தால் மேற்கொண்டு பார்ப்பதில் பயனில்லை, ஏனென்றால் அப்போது சதவீதம் தப்பா, எண்ணிக்கை தப்பா என்று சொல்ல முடியாது.

அப்புறம் கட்டுரையின் வாக்கியங்கள். "பங்கேற்றவர்களில் 60 சதவீதம் பேர் போனை அருகில் வைக்கிறார்கள்." 384ஐ 640ஆல் வகுத்தால் சரியாக 60. "வேறு அறையில் வைப்பவர்களில் 25 சதவீதம் பேருக்கே தூக்கம் சரியில்லை." 54ஐ 216ஆல் வகுத்தால் 25. இதுவும் சரி. "ஆனால் போனை அருகில் வைப்பவர்களில் 70 சதவீதம் பேருக்குத் தூக்கம் சரியில்லை." 156ஐ 384ஆல் வகுத்தேன். 40.6 வந்தது.

எழுபது எங்கே, நாற்பது எங்கே. இந்த இடத்தில்தான் நம்மில் பலரும் "பார், பொய்" என்று படம் பிடித்துப் போட்டுவிடுவோம். நான் அவசரப்படவில்லை, காரணம் ஒன்று உண்டு. கற்பனையில் உருவான எண்ணை நான் அதிகம் பார்த்ததில்லை. அநேகமாக அது இன்னொரு வகுத்தலின் சரியான விடையாக இருக்கும். அந்த வகுத்தல் எது என்று தேடினால் பிழை எப்படி வந்தது என்பதும் கூடவே வந்துவிடும்.

தேடுவதும் கஷ்டமில்லை. 156 என்ற எண்ணிக்கை 70 சதவீதமாக அச்சாகியிருக்கிறது. முழு எண்ணாக்கிய 70 என்றால் உண்மையில் 69.5க்கும் 70.5க்கும் நடுவில் ஏதோ ஒன்று. அப்படியானால் 156ஐ எந்த எண்ணால் வகுத்திருப்பார்கள்?

```
=156/0.705
=156/0.695
```

முதலாவது 221.3 தருகிறது, இரண்டாவது 224.5. ஆக, வகுத்த எண் 222, 223, 224 இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். இப்போது அட்டவணையைப் பாருங்கள். 222 கடைசி வரியில் உட்கார்ந்திருக்கிறது: தூக்கம் சரியில்லை என்றவர்களின் மொத்தம்.

அவ்வளவுதான் விஷயம். தூக்கம் சரியில்லாதவர்களில் 70 சதவீதம் பேர் போனை அருகில் வைப்பவர்கள். கட்டுரை எழுதியவர் அதைத் திருப்பிப்போட்டு, போனை அருகில் வைப்பவர்களில் 70 சதவீதம் பேருக்குத் தூக்கம் சரியில்லை என்று எழுதிவிட்டார். எண் ஒன்றுதான், பேசப்படும் கூட்டம் மாறிவிட்டது.

தமிழில் இதைப் பிடிக்க ஒரு சின்ன வசதி இருக்கிறது. சதவீதத்துக்கு முன்னால் வரும் "-களில்" எந்தச் சொல்லோடு ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். பள்ளியில் பின்னத்தின் கீழ் எண்ணைப் பகுதி என்று படித்தோமே, அது அந்தச் சொல்தான். "வைப்பவர்களில்" என்றால் 384ஆல் வகுத்திருக்க வேண்டும். "சரியில்லாதவர்களில்" என்றால் 222ஆல். செய்தி எழுதும்போது வாக்கியத்தை அழகாக்க முன்பின் மாற்றுவோம். அப்போது இந்த உருபு இடம் மாறிப்போனால் கணக்கும் மாறிவிடும், எழுதியவருக்கே தெரியாமல். கணக்கு போட்டவர் ஒருவர், எழுதியவர் இன்னொருவர் என்றால் இன்னும் சுலபமாக நடக்கும். விரிதாளில் வரிவாரியாக ஒரு சதவீதம், நெடுவரிசைவாரியாக ஒரு சதவீதம் என்று இரண்டும் எடுக்கலாம். வெறும் "70" என்று ஒருவர் அனுப்பினால் வாங்குகிறவருக்கு அது எந்தப் பக்கத்துச் சதவீதம் என்று எப்படித் தெரியும்?

இது ஏதோ நுணுக்கமான இலக்கணப் பிழை என்று நினைக்காதீர்கள். போனுக்கும் தூக்கத்துக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் தூக்கம் சரியில்லாதவர்களில் 60 சதவீதம் பேர் போனை அருகில் வைப்பவர்களாகத்தான் இருப்பார்கள், ஏனென்றால் மொத்தக் கூட்டத்திலேயே அவர்கள் 60 சதவீதம். அதனால் 70 என்பது 60ஐவிடக் கொஞ்சம் கூடுதல், அவ்வளவே. கட்டுரையோ ஒரு பக்கத்திலிருந்து 70ஐயும் இன்னொரு பக்கத்திலிருந்து 25ஐயும் எடுத்து, ஒன்றை மற்றதால் வகுத்து, 2.8 என்று கண்டு, "ஏறக்குறைய மூன்று மடங்கு" என்று தலைப்பிட்டிருக்கிறது. ஒத்த எண்களை ஒப்பிட்டால் 40.6க்கும் 25க்கும் இடையில் 1.6 மடங்குதான். வித்தியாசம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் 1.6ஐ வைத்து அந்தத் தலைப்பை எழுத முடியாது.

இதைச் சொன்னதும் ஒரு நண்பர் "ரவுண்டிங் பிழையாக இருக்கும்" என்றார். இந்தப் பதிலைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும். முழு எண்ணாக்குவதால் வரும் வித்தியாசத்துக்கு ஓர் எல்லை உண்டு. முழுச் சதவீதமாகக் கொடுத்தால் அரைப் புள்ளி. அப்படி முழுமையாக்கிய இரண்டு சதவீதங்களைக் கழித்தால் அதிகபட்சம் ஒரு புள்ளி. பல வரிகளைக் கூட்டினால் 99 என்றோ 101 என்றோ வரலாம். சரியாக அரையில் நிற்கும் எண் மட்டும் ஒரு விதிவிலக்கு. 12.5ஐ விரிதாளின் `ROUND` 13 ஆக்கும், பைத்தானில் `round(12.5)` போட்டால் 12 வரும். இதற்கெல்லாம் யாரோடும் சண்டைக்குப் போகக் கூடாது. ஆனால் முப்பது புள்ளி வித்தியாசத்தை ரவுண்டிங் தலையில் கட்டவும் கூடாது.

உண்மையிலேயே குற்றமற்ற பொருத்தமின்மை இரண்டு உண்டு. ஒருவர் பல பதில்களைத் தேர்ந்தெடுக்கலாம் என்ற கேள்வியில் சதவீதங்களின் கூட்டல் நூறைத் தாண்டும், தாண்டத்தான் வேண்டும். இன்னொன்று எடையிட்ட கணக்கெடுப்பு. பதில் சொன்னவர்களில் இளைஞர்கள் குறைவாக இருந்தால், மக்கள்தொகையில் அவர்களுடைய பங்குக்கு ஈடாக அவர்கள் பதிலுக்குக் கூடுதல் எடை கொடுப்பார்கள். அப்போது அட்டவணையில் இருப்பது நேரில் எண்ணிய ஆட்கள், கட்டுரையில் இருப்பது எடையிட்ட சதவீதம். இரண்டும் ஒத்துப்போகாது. ஆனால் அங்கே பெரும்பாலான வரிகள் கொஞ்சம் கொஞ்சமாக விலகி நிற்கும். இங்கே இரண்டு வரிகள் துல்லியமாகப் பொருந்தி, ஒன்று மட்டும் பூதாகரமாக விலகியது. அதனால் எடையிடல் இல்லை என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு சின்ன வாக்கியம் என்னை அதைவிட அதிக நேரம் பிடித்து வைத்தது. "பதில் சொல்லாதவர்களில் 31 சதவீதம் பேருக்குத் தூக்கம் சரியில்லை." 40 பேரில் 12 பேர் என்றால் 30. ஒரு புள்ளிதானே என்று விட்டுவிடலாம். ஆனால் 40 பேர் கொண்ட கூட்டத்தில் ஒவ்வொரு ஆளும் இரண்டரைச் சதவீதம். 12 பேர் என்றால் 30, 13 பேர் என்றால் 32.5. நடுவில் ஆள் கிடையாது, ஆகவே 40 பேரில் 31 சதவீதம் என்று ஒன்று வரவே வராது. பழையபடி 12ஐ 0.315ஆலும் 0.305ஆலும் வகுத்தால் 38.1, 39.3. நடுவில் இருக்கும் ஒரே முழு எண் 39. முந்தைய ஒரு வடிவத்தில் 39 பேர் இருந்து, பிறகு அட்டவணையை மட்டும் திருத்திவிட்டு வாக்கியத்தை மறந்திருக்கலாம். இது என் ஊகம்தான். ஆனால் அந்த 31 இந்த அட்டவணையின் எண்ணிக்கையிலிருந்து வந்ததில்லை என்பது ஊகமில்லை.

இதே யோசனையைச் சராசரிகளுக்குப் பயன்படுத்தி நிக் பிரவுன், ஜேம்ஸ் ஹீதர்ஸ் என்ற இருவர் ஒரு சோதனையே வகுத்திருக்கிறார்கள். கிரிம் சோதனை என்று பெயர். உளவியல் ஆய்வுக் கட்டுரைகளில் சோதிக்கத் தக்கதாக இருந்த 71ஐ எடுத்துப் பார்த்ததில், ஏறக்குறைய பாதியில் குறைந்தது ஒரு சராசரியாவது அந்த ஆள் எண்ணிக்கையில் வர முடியாததாக இருந்தது. வெறும் வகுத்தல்தான் ஆயுதம். ஆனால் அதற்கும் எல்லை இருக்கிறது. முழுச் சதவீதமாகக் கொடுத்து, ஆட்கள் நூறைத் தாண்டிவிட்டால் எந்தச் சதவீதமும் சாத்தியமாகிவிடும், இந்த வகைச் சோதனை எதையும் பிடிக்காது. ஒரு தசம இடம் கொடுத்திருந்தால் ஆயிரம் பேர் வரை பயன்படும்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவ்வளவு குறை கண்டுபிடிக்க முடிந்ததே அவர்கள் எண்ணிக்கைகளைக் கொடுத்ததால்தான். அட்டவணை இல்லாமல் வெறும் சதவீதங்களை அடுக்கும் கட்டுரைகளில் இதைவிட மோசமாக இருக்கலாம், யாருக்கும் தெரியப்போவதில்லை. அதனால் அந்த 384ஐயும் 156ஐயும் அச்சிட்டவர்களைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

கணக்கை நாலு வரியில் எழுதி அவர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். மூன்றாம் நாள் பதில் வந்தது, மரியாதையாகவே எழுதியிருந்தார்கள். 70 என்பதை 41 ஆக்கிவிட்டார்கள். 31 அப்படியேதான் இருக்கிறது. தலைப்பில் மூன்று மடங்கும்.