async என்று எழுதினால் இரண்டாவது மாஸ்டர் வந்துவிடமாட்டார்

பாலக்கோட்டில் நான் பராமரித்துத் தரும் தக்காளி மண்டி ஒன்றில், பில் போடும் பக்கம் தினமும் காலையில் உறைந்து நிற்கிறது. கிரேட்டுகள் குவிந்து, விவசாயிகள் பணத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் கணக்குப்பிள்ளை பொத்தானை அழுத்துகிறார். அதன் நிறம்கூட மாறுவதில்லை. அந்தப் பக்கத்தைச் செய்து கொடுத்தவர்களைக் கேட்டால், "async போட்டுத்தான் சார் எழுதியிருக்கிறோம், உங்கள் கம்ப்யூட்டர்தான் பழசு, நெட்டும் ஸ்லோ" என்கிறார்கள். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குப் பொறுமை போய்விட்டது.

உணவகத்தில் ஒரே ஒரு மாஸ்டர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். சப்ளையர்கள் கொண்டுவரும் சீட்டுகளை ஒரு கம்பியில் குத்திவைக்கிறார்கள். மாஸ்டர் ஒரு சீட்டை எடுத்தால் அதை முழுதாக முடிக்காமல் அடுத்ததைத் தொடமாட்டார். இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றிவிட்டால் அது தானாக வேகும். வெந்ததும் "எடுக்கலாம்" என்று இன்னொரு சீட்டு கம்பிக்கு வரும். ஜாவாஸ்கிரிப்டின் ஈவென்ட் லூப் இதுதான். சர்வரிலிருந்து தகவல் வருவதும் டைமர் ஓடுவதும் இட்லிப் பானையைச் சேர்ந்தவை. ஆனால் ஒரு மூட்டை வெங்காயத்தை அவரே நறுக்க வேண்டும் என்றால், நறுக்கி முடிக்கும்வரை கம்பியில் எத்தனை சீட்டு ஏறினாலும் அவர் திரும்பிப் பார்க்க முடியாது. சீட்டின் தலையில் async என்று எழுதியதால் வெங்காயம் தானாக நறுங்கிவிடுமா?

அவர்கள் எழுதியிருப்பது இதுதான்:

```js
async function total(rows) {
  for (const r of rows) {
    add(r);
    await Promise.resolve();
  }
}
```

இதில் எட்டாயிரம் கணக்கு வரிகள் ஓடுகின்றன. இடையில் await வருவதால் மாஸ்டர் ஒவ்வொரு வரிக்கும் ஓய்வு கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டார்கள். உண்மையில் ஏற்கெனவே நிறைவேறிவிட்ட ப்ராமிஸின் தொடர்ச்சி கம்பிக்குப் போவதில்லை. மாஸ்டர் கையருகே வைத்திருக்கும் மைக்ரோடாஸ்க் வரிசைக்குப் போகிறது. அந்த வரிசை முழுதாகக் காலியாகும்வரை அவர் கம்பியைப் பார்க்கமாட்டார். நடுவில் புதிதாக ஒன்று சேர்ந்தாலும் அதையும் முடித்துவிட்டுத்தான் நிமிர்வார். திரையை வரையும் வேலையும் அதே மாஸ்டருக்கு உரியது என்பதால் அதுவும் நின்றே போகிறது. எட்டாயிரம் முறை await எழுதியும் திரைக்கு ஒருமுறைகூட வாய்ப்பு கிடைக்கவில்லை.

இதைவிட என்னைக் கொதிக்கவைப்பது அடுத்து நடப்பது. எதுவும் அசையவில்லையே என்று கணக்குப்பிள்ளை மறுபடியும் அழுத்துகிறார். அந்த அழுத்தங்கள் காணாமல் போவதில்லை. வரிசையில் காத்திருந்து, உறைவு நீங்கியதும் ஒவ்வொன்றாக நடக்கின்றன. ஒரே விவசாயியின் பெயரில் மூன்று பில் விழுகிறது. வேலை தொடங்கும்போது பொத்தானை முடக்கி, முடிந்ததும் திறப்பதாக அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள். முடக்குவதும் திறப்பதும் இடைவெளியே இல்லாத ஒரே ஓட்டத்தில் நடந்தால், காத்திருந்த அழுத்தங்களை எடுக்கும்போது பொத்தான் மறுபடியும் திறந்தே இருக்கும்! அந்த அதிகப்படி பில்லுக்காக மண்டி வாசலில் வசவு வாங்குவது கணக்குப்பிள்ளைதான்.

இது நெட் கோளாறா என்பதை எவரும் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். க்ரோமின் டெவலப்பர் கருவியில் Performance பகுதியைத் திறந்து, பதிவு செய்துகொண்டே பொத்தானை அழுத்துங்கள். 50 மில்லி விநாடியைத் தாண்டும் வேலைக்குச் சிவப்புக் குறி விழும். இந்த மண்டியின் பதிவில் அந்தப் பட்டை திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை நீள்கிறது; அந்த நேரத்தில் நெட்வொர்க் வரிசையில் ஒன்றுமே இல்லை.

மாற்ற வேண்டியது மிகக் கொஞ்சம்தான்:

```js
for (let i = 0; i < rows.length; i++) {
  add(rows[i]);
  if (i % 200 === 199)
    await new Promise(r => setTimeout(r, 0));
}
```

setTimeout கம்பியில் சீட்டுக் குத்துகிறது. ஆகவே இருநூறு வரிக்கு ஒருமுறை மாஸ்டர் நிமிர்ந்து, வந்த அழுத்தத்தைக் கவனித்து, திரையையும் வரைய முடிகிறது. முடக்கிய பொத்தானும் அப்போதுதான் உண்மையில் முடங்கி நிற்கிறது. ஒவ்வொரு வரிக்கும் இதைப் போட்டுவிடாதீர்கள்: டைமருக்குள் டைமராக ஐந்து அடுக்கைத் தாண்டினால் உலாவி குறைந்தது 4 மில்லி விநாடி காக்க வைக்கும், எட்டாயிரம் வரிக்கு அது 32 விநாடியாகிவிடும். இருநூறுக்கு ஒன்று என்றால் நாற்பது இடைவெளிதான். கூடுதலாவது விநாடியில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. கணக்கு இன்னும் பெரிதானால் வெப் வொர்க்கரில் ஓடவிடுங்கள். உண்மையான இரண்டாவது மாஸ்டர் அங்கேதான் கிடைப்பார், ஆனால் அவரால் திரையைத் தொட முடியாது, விடையை மட்டும் அனுப்புவார்.

இவ்வளவையும் எழுதி அனுப்பிய பிறகு அவர்களிடமிருந்து வந்த பதில், புதிய கம்ப்யூட்டருக்கான கொட்டேஷன். அதை வாங்கினால் உறைவு சற்றுக் குறுகும், தக்காளி வரத்து கூடும் வாரத்தில் மறுபடியும் அதே இடத்துக்கு வரும். மண்டிக்காரரின் பணத்தை இப்படிக் கரைக்காதீர்கள். அந்த ஒரு லூப்பைத் திருத்தி அனுப்புங்கள்.