நிரந்தரமாக அழித்துவிட்டதாம்!

"Are you sure you want to permanently delete this file?" என்று விண்டோஸ் கேட்கும்போதெல்லாம் இப்போது எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. நிரந்தரமாம்! எதை நிரந்தரமாக அழித்தாய் நீ? போன ஞாயிற்றுக்கிழமை முழுதும் சித்தப்பா வீட்டில் உட்கார்ந்து, அந்தப் பொய்யைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பா பத்திர எழுத்தர். தொழிலை நிறுத்திவிட்டார், அலுவலகக் கம்ப்யூட்டரை பழைய கம்ப்யூட்டர் வாங்கும் கடைக்கு 2,500 ரூபாய்க்குப் பேசி முடித்துவிட்டார். கடைக்காரர் மறுநாள் வருகிறார். "உள்ளே இருந்ததையெல்லாம் என்ன செஞ்சீங்க சித்தப்பா?" என்றேன். "எல்லாத்தையும் டிலீட் பண்ணிட்டேன்டா. ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணியாச்சு. வேணும்னா பாரு" என்று டி டிரைவைத் திறந்து காட்டினார். வெள்ளை வெளேரென்று இருந்தது. துடைத்துவைத்த மாதிரி.

வாயால் சொன்னால் நம்ப மாட்டார். டிஸ்க்கைக் கழற்றி, சாட்டா-யுஎஸ்பி ஒயர் போட்டு என் லேப்டாப்பில் செருகினேன். ஃபோட்டோரெக் என்று ஒரு இலவச மென்பொருள் இருக்கிறது. கறுப்புத் திரை, நாலு முறை என்டர் தட்டினால் வேலையை ஆரம்பித்துவிடும். கிடைப்பதை என் லேப்டாப்பில் ஒரு ஃபோல்டரில் போடச் சொன்னேன். அதே டிஸ்க்கில் போட்டால் இருப்பதன் மேலேயே எழுதிவிடும். பத்து நிமிஷம்தான் ஆகியிருக்கும், ஆயிரத்துக்கு மேல் jpg என்று எண்ணிக்கை ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் pdf.

recup_dir.1 என்ற ஃபோல்டரைத் திறந்தேன். பழைய பெயரெல்லாம் போய் f-இல் தொடங்கும் எண்கள்தான் பெயர். முதல் படம் ஒரு பாட்டியின் ஆதார் அட்டை. அடுத்தது யாரோ ஒருவரின் பான் கார்டு. மூன்றாவதில் ஒரு பத்திரத்தின் கடைசிப் பக்கம்: கையெழுத்து, இடது பெருவிரல் ரேகை, சாட்சிகளின் முகவரி. ரேகையின் கோடுகளை எண்ணலாம், அவ்வளவு தெளிவான ஸ்கேன். அதோடு மூடிவிட்டேன். சித்தப்பா வெற்றிலைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டார். "இது போன வருஷமே டிலீட் பண்ணினதுடா" என்றார்.

ஆமாம், போன வருஷமே 'டிலீட்' ஆனதுதான். அவருக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். சார்பதிவாளர் அலுவலகத்தில் இன்டெக்ஸில் ஒரு வரியை அடித்துவிட்டால், ரெக்கார்டு அறையில் இருக்கும் பத்திரம் எரிந்தா போகும்? விண்டோஸ் செய்வது அதைத்தான். டிஸ்க்கில் எம்எஃப்டி என்று ஒரு பெரிய பதிவேடு இருக்கிறது. எந்தக் கோப்பு, என்ன பெயர், டிஸ்க்கில் எந்த இடத்தில் என்று அதில் இருக்கும். டிலீட் செய்தால் அந்த வரியில் 'இது இப்போது பயன்பாட்டில் இல்லை' என்று ஒரு குறி போடுவார்கள், அந்த இடத்தைக் காலி என்று குறிப்பார்கள். அவ்வளவுதான். புதிதாக ஏதாவது வந்து அந்த இடத்தில் எழுதும் வரை பாட்டியின் ஆதார் அங்கேயே இருக்கும். ஃபோட்டோரெக் பதிவேட்டைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நேரே அறைக்குள் போய், FF D8 FF என்று தொடங்கினால் இது ஜேபெக் படம் என்று ஒவ்வொன்றாகத் தூக்கிவரும்.

"அப்போ ஃபார்மேட் அடிச்சிடு" என்றார் சித்தப்பா. எல்லோரும் சொல்வது இதுதான், எரிச்சலும் இங்கேதான் கூடுகிறது. ஃபார்மேட் பெட்டியில் Quick Format என்பதில் டிக் போட்டேதான் வருகிறது. அது பழைய பதிவேட்டுக்குப் பதில் புதுப் பதிவேட்டை வைக்கும், அறையைத் தொடாது. அடித்தும் காட்டினேன். இரண்டு நொடி. மறுபடி ஃபோட்டோரெக், மறுபடி அதே பாட்டி. விஸ்டாவிலிருந்து அந்த டிக்கை எடுத்துவிட்டு ஃபார்மேட் செய்தால் டிஸ்க் முழுக்கப் பூஜ்யம் எழுதும்தான். ஆனால் அந்த டிக்கை யார் எடுக்கிறார்கள்? இரண்டு நொடியில் 500 ஜிபி அழியுமா என்று ஒருத்தராவது யோசிக்க வேண்டாமா?

இது இன்று நேற்று வந்த கூத்து இல்லை. 2003-இல் எம்ஐடி மாணவர்கள் இரண்டு பேர், பழைய ஹார்ட் டிஸ்க்குகளை விலைக்கு வாங்கிச் சோதித்து ஒரு கட்டுரை எழுதினார்கள். வேலை செய்த 129 டிஸ்க்குகளில் ஒழுங்காகத் துடைக்கப்பட்டவை 12. ஏடிஎம்மில் இருந்து வந்த டிஸ்க்கு ஒன்றும் அதில் உண்டு. அதற்கப்புறமும் அதே டயலாக் பாக்ஸ், அதே 'permanently'.

சரி, செய்தது என்ன? விண்டோஸிலேயே இருக்கும் diskpart. கமாண்ட் பிராம்ப்டை அட்மினாகத் திறந்து:

```
diskpart
list disk
select disk 1
detail disk
clean all
```

இதில் உயிர் போகிற இடம் மூன்றாவது வரி. எண் தப்பினால் உங்கள் லேப்டாப்பே காலி. 500 ஜிபி டிஸ்க் 465 ஜிபி என்று காட்டும், அதைப் பார்த்து எண்ணைத் தெரிந்துகொண்டேன். detail disk கொடுத்து டிஸ்க்கின் பெயரையும் சரிபார்த்தேன். அப்புறம்தான் கடைசி வரி. வெறும் `clean` என்று அடித்து நிறுத்திக்கொள்கிறவர்கள் உண்டு. அது பார்ட்டிஷன் விவரத்தை மட்டும் தூக்கும், மறுபடி பாட்டி வந்துவிடுவார். `all` சேர்த்தால்தான் ஒவ்வொரு செக்டரிலும் பூஜ்யம் எழுதும். எவ்வளவு முடிந்தது என்று திரையில் எதுவும் வராது, தொங்கிவிட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது. நொடிக்கு 80 எம்பி வேகத்தில் 500 ஜிபிக்கு ஒன்றே முக்கால் மணி நேரம். சித்தி இரண்டு முறை காப்பி போட்டுவிட்டார்.

முடிந்ததும் ஃபோட்டோரெக்கை மறுபடி ஓடவிட்டேன். கால் மணி நேரம் பார்த்தும் ஒரு படம்கூட வரவில்லை. எச்எக்ஸ்டி என்ற எடிட்டரில் டிஸ்க்கைத் திறந்து நடுவில் எங்கெங்கோ குதித்துப் பார்த்தேன், எங்கும் 00 00 00. ஒரு முறை போதுமா என்று என் மச்சான் போனில் சந்தேகம் கிளப்பினான். 35 முறை எழுத வேண்டுமாம். அது 1996-இல், அந்தக் காலத்து டிஸ்க்குகளை எல்லாம் மனதில் வைத்துச் சொன்ன கணக்கு. இன்றைய ஹார்ட் டிஸ்க்குக்கு ஒரு முறை முழுக்க எழுதினால் போதும். கெட்டுப்போனதென்று டிஸ்க்கே ஒதுக்கிவைத்த செக்டர்களை மட்டும் இந்த முறை தொடாது. கெட்டுப்போய்ச் சுழலவே சுழலாத ஹார்ட் டிஸ்க் என்றால் பூஜ்யம் எழுத வழியே இல்லை, கழற்றி வைத்துக்கொண்டு உள்தட்டுகளை டிரில் போட்டு ஓட்டையாக்குவதுதான்.

எஸ்எஸ்டி என்றால் இந்த வழி வேண்டாம். நீங்கள் ஒரு இடத்தில் எழுதச் சொன்னால், தேய்மானம் சமமாக இருக்கட்டும் என்று அது வேறு இடத்தில் எழுதும். உங்கள் கண்ணுக்கே தெரியாத உபரி இடமும் அதற்குள் உண்டு. பயாஸிலோ கம்பெனி தரும் மென்பொருளிலோ இருக்கும் Secure Erase-தான் அதற்கு. சில நொடியிலேயே முடிந்தாலும் பயப்பட வேண்டாம், அங்கே அந்த வேகம் நியாயமானது.

மறுநாள் கடைக்காரர் வந்தார். ஆன் செய்தார். திரையில் ஓஎஸ் இல்லை என்று ஒரு வரி. "என்னங்க, டிஸ்க் போச்சா?" விண்டோஸ் போட்டால் வந்துவிடும், டிஸ்க் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் தலைகீழாக நின்று சொன்னேன். "நாங்களே ஃபார்மேட் பண்ணிக்குவோமே, எதுக்குங்க இவ்ளோ பாடு?" என்று சிரித்துக்கொண்டே 300 ரூபாயைக் குறைத்துவிட்டார். அந்த 300 ரூபாயை சித்தப்பா என்னிடம் கேட்டு வாங்கிக்கொண்டார்.