ஐடி மேட் இருந்தா போதும்னு யாருங்க சொன்னது?

நேத்து அந்த நாற்காலி ஷாட் விஷயத்துல நடந்த பேச்சை எல்லாரும் பாத்திருப்பீங்க. சிவப்பு நாற்காலியை நீலமாக்கணும், ரெண்டர் முடிஞ்சிருச்சு, "ஐடி மேட் இருக்குல்ல, 5 நிமிஷ வேலை"ன்னு ஒருத்தர் ஈசியா சொல்லிட்டுப் போயிட்டார். அப்புறம் ரிசல்ட் அசிங்கமா வந்ததும் "லைட்டிங் டீம் குடுத்த மேட் சரியில்ல"ன்னு எங்க மேலயே பழி. மேட் சரியாத்தாங்க இருந்துச்சு. மேட் மட்டும் பத்தாது, அதைத்தான் நான் சொல்லிட்டு இருக்கேன்.

மேட் என்ன சொல்லும்? இந்த பிக்சல்ல நாற்காலி எவ்ளோ இருக்குன்னு சொல்லும், அவ்ளோதான். அந்த பிக்சல்ல நாற்காலியோட சொந்த நிறம் எவ்ளோ, மேல விழுந்த வெளிச்சம் எவ்ளோ, பளபளப்பு எவ்ளோன்னு அதுக்குத் தெரியாது. நேத்து அவர் பண்ணது என்னன்னா, இதெல்லாம் ஒண்ணா கலந்து வர்ற முழுப் படமான பியூட்டி மேலயே மேட்டைப் போட்டு சிவப்பு நீலமாகுற அளவுக்கு மல்டிப்ளை பண்ணிட்டார். கணக்கு போட்டுப் பாருங்க. நாற்காலியோட சிவப்பு 0.6, 0.05, 0.04ன்னு வைங்க. வேண்டிய நீலம் 0.05, 0.1, 0.5. சிவப்பை நீலமாக்க புளூ சேனலை 12.5 மடங்கு ஏத்தணும். கைப்பிடியில வெள்ளை ஹைலைட் 0.3 இருக்கு, அதுவும் பியூட்டியிலதான் கலந்திருக்கு, அதனால அங்க புளூ 0.34. அதை 12.5ஆல பெருக்குனா 4.25! வெள்ளையா மின்ன வேண்டிய இடம் நீல பல்பு மாதிரி எரியுது. இதுக்கு மேட் என்ன பண்ணும்?

பளபளப்பு இல்லாம நிறமும் வெளிச்சமும் மட்டும் சேர்ந்த டிஃப்யூஸ், வெறும் சொந்த நிறமான ஆல்பிடோ, இந்த ரெண்டு பாஸும் தனித்தனிப் படமா இருந்திருந்தா இப்படி ஆகியிருக்காது. டிஃப்யூஸை ஆல்பிடோவால வகுத்தா வெறும் வெளிச்சம் கிடைக்கும் (பிளெண்டர் சைக்கிள்ஸ்ல Diffuse Direct, Indirect ரெண்டும் ஏற்கனவே நிறம் இல்லாமத்தான் வரும், கூட்டிக்கிட்டாப் போதும், வகுக்கவே வேண்டாம்). அப்புறம் நிறத்தை மட்டும் மாத்தி திரும்பப் பெருக்கணும்:

```
new_albedo = albedo + matte * (blue - red)
result = beauty - diffuse + light * new_albedo
```

அந்தக் கைப்பிடி பிக்சல் இப்போ 0.35, 0.4, 0.8. ஹைலைட் வெள்ளையாவே இருக்கும். விளிம்புல பாதி நாற்காலி பாதி சுவர் இருந்தாலும் மேட் 0.5, அதனால நிறமும் பாதிதான் மாறும், ஓரத்துல சிவப்புக் கோடு நிக்காது. ஒரே நிறம் உள்ள பொருளுக்கு இது கச்சிதமா வேலை செய்யும்.

"அப்போ பழைய ஐடி பாஸே போதுமே"ன்னு சிலர் வருவாங்க. போதாதுங்க. அதுல ஒரு பிக்சலுக்கு ஒரு நம்பர்தான். நாற்காலி 7, சுவர் 12ன்னா விளிம்புல கலந்தா 9.5, அது யாரோட நம்பருமே இல்ல, கலக்காம விட்டா ஓரம் படிக்கட்டாத் தெரியும். இதுக்குத்தான் 2015ல சைஆப் ஸ்டுடியோக்காரங்க கிரிப்டோமேட் கொண்டு வந்தாங்க, ஒரே பிக்சல்ல "நாற்காலி 0.5, சுவர் 0.5"ன்னு ரெண்டையும் வச்சிருக்கும். ஆனா அது 32 பிட்லயே இருக்கணும். ஒருமுறை டிஸ்க் இடம் மிச்சம் பண்ணலாம்னு நான் போட்ட ரெண்டரை யாரோ 16 பிட்டா மாத்திட்டாங்க. ஐடி எல்லாம் ரவுண்ட் ஆகி, லிஸ்ட்ல நாற்காலி பேரு இருக்கு, தேர்ந்தெடுத்தா மேட் காலி. ராத்திரி முழுக்க நான்தான் தப்பா செட் பண்ணேன்னு திட்டு வாங்குனேன். அது இன்னும் வலிக்குது.

"இவ்ளோ எதுக்கு, திரும்ப ரெண்டர் போட்டா முடிஞ்சுதே"ன்னு கேக்குறவங்களுக்கு: 240 ஃபிரேம், ஒரு ஃபிரேம் 40 நிமிஷம், மொத்தம் 160 மணி நேரம் மெஷின் ஓடணும். நீங்க காத்திருப்பீங்களா?

ஆனா ஒரு இடத்துல அவங்க சொல்றது நியாயம், அதை ஒத்துக்கிறேன். தரையில விழுந்த சிவப்புச் சாயலும், பக்கத்துல குரோம் விளக்குல தெரியுற சிவப்பு நாற்காலியும் நம்ம மேட்ல வராது, ஏன்னா அந்த பிக்சல் தரையோடது, விளக்கோடது. நாற்காலியோட மடிப்புக்குள்ள துள்ளுன வெளிச்சமும் சிவப்பாத்தான் இருக்கும், அது மேல நீலத்தைப் பெருக்குனா மடிப்பு மட்டும் அழுக்கு ஊதாவா செத்துப்போய் நிக்கும். நேத்து ஷாட்ல முதுகுப் பக்க மடிப்பைப் பாருங்க, அதேதான். சாயல் லேசா இருந்தா கையால சரி பண்ணலாம், குரோம்ல பெருசாத் தெரிஞ்சா திரும்ப ரெண்டர் போட்டுத்தான் ஆகணும்.

இதையெல்லாம் ரெண்டர் போடுறதுக்கு முன்னாடி நான் எழுதிக் கேட்டேன். டிஃப்யூஸும் ஆல்பிடோவும் தனியா வேணும், நிறம் மாறும்னு தோணுதுன்னு. "ஃபைல் பெருசாகும், மேட் போதும்"னு பதில் வந்துச்சு. இப்போ அந்த ஷாட் ஃபோல்டர்ல பியூட்டியும் கிரிப்டோமேட்டும் மட்டும் இருக்கு, நிறம் மாத்தச் சொல்லி நாளைக்குக் காலைல வரைக்கும் எனக்கு டைம் குடுத்திருக்காங்க.