பட்டா பேர்ல இருந்தா போதுமா?

"பட்டா என் பேர்ல மாறிடுச்சு. இனிமே வீடு என்னுதுதான், பழைய பத்திரமெல்லாம் வெறும் காகிதம்."

அண்ணே, அப்படி நம்பி இருந்துடாதீங்க. பட்டா வருவாய்த்துறைப் பதிவு. வரி வசூலுக்கும், இடம் யார் அனுபவத்துல இருக்குங்கிறதுக்கும் அது ஆதாரம், உரிமையை உண்டாக்காது.

கொடுங்கையூர்ல எங்க சொந்தக்காரர் ஒரு வீட்டு மனை வாங்கினார். விற்றவர் பேர்ல பட்டா இருந்தது, கிரயமும் முறையா பதிவாச்சு. ஆனா மனை விற்றவரோட அப்பா வாங்கினது. அவர் உயில் எழுதாம இறந்துட்டார். வாரிசுகள் அம்மா, மகன், ரெண்டு மகள்கள். மகன் பட்டாவைத் தன் பேருக்கு மாத்தி, முழு மனையையும் வித்துட்டார். அவருக்கு விற்க உரிமை இருந்தது நாலில் ஒரு பங்குதான். பதிவு அலுவலகம் முத்திரை வைத்ததால மீதி மூணு பங்கு அவருக்கு வந்துடாது. இப்போ அக்கா தங்கை பாகப்பிரிவினை வழக்கு போட்டிருக்காங்க, இன்னும் முடியல.

வில்லங்கச் சான்றைப் பார்த்தாலே சந்தேகம் வந்திருக்கும். அப்பாவோட கிரயம் இருக்கு, அடுத்து நேரா மகனோட விற்பனை. நடுவுல அம்மாவும் மகள்களும் தங்க பங்கை விட்டுக்கொடுத்து எழுதின விடுதலைப் பத்திரம் இல்லை. தாய்ப்பத்திரத்தையும் வாரிசுச் சான்றையும் கையில வச்சுக்கிட்டு இந்த இடைவெளியைத்தான் தேடணும்.

வியாசர்பாடி அக்கா ஒருத்தர் தன்னோட பட்டாவைப் பத்திக் கேட்டிருந்தாங்க, அது வேற விஷயம். அவங்களோடது அரசு தன் நிலத்தை ஒப்படைச்சுக் கொடுத்த பட்டா. அங்கே அந்த ஒப்படை உத்தரவுதான் உரிமைக்கே மூலம், அதன் நிபந்தனைகளைப் படிச்சுப் பாருங்கக்கா.